‘சலசலப்பு’ என்று எழுதிய ஒன்பது நாள்

கோத்தகிரிப் பனி:
எம்.எட். ஆய்வுக்காகக் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில், நான்காம் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துவருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

என்னிடம் இரண்டு நோட்டு. வகுப்பில் கையில் இருப்பது சின்னது. நேரம், யார் எங்கே, என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். பென்சிலில்தான் எழுதுவேன், மூடுபனி நாளில் தாள் ஈரம் பிடித்து மை பரவிவிடுகிறது. மாலையில் அறைக்கு வந்து அதை விரித்து எழுத, நாற்பது நிமிட வகுப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டாவது நோட்டில் என் கதை மட்டும்: அன்றைய எரிச்சல், களைப்பு, யாரைப் பிடித்துப்போனது, யாரைப் பிடிக்கவில்லை.

கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் இரண்டு சிறுமிகள். “10.20 சலசலப்பு. 10.26 மறுபடி சலசலப்பு. டீச்சர் முறைக்கிறார்.” விரித்து எழுதும்போது ‘கவனமில்லை’ என்று நானாகச் சேர்த்திருக்கிறேன். இப்படியே ஒன்பது நாள்.

பத்தாம் நாள் வழக்கமான இடத்தில் ஆள் இருந்ததால் அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ‘ஹத்து’ என்று காதில் விழுந்தது. எனக்குப் படுக மொழி தெரியாது. ஆனால் டீக்கடையில் பத்து ரூபாயை அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எட்டிப் பார்த்தால், 52-இலிருந்து 37-ஐக் கழிக்கிறார்கள். ஒருத்தி இரண்டுக்குப் பக்கத்தில் பத்துக் கோடு போட்டு, அதில் ஏழை அடித்துக் காட்டுகிறாள். மற்றவள் மிச்சத்தோடு அந்த இரண்டையும் சேர்த்து விரல்விட்டு எண்ணி 5 போடுகிறாள். டீச்சர் தமிழில் சொன்ன ‘கடன் வாங்குதல்’ இங்கே படுகத்தில் இன்னொரு முறை நடக்கிறது.

இரவு இரண்டாவது நோட்டைப் புரட்டினேன். முதல் நாளே எழுதியிருக்கிறேன்: “ஒரே குளிர். ஜன்னலோரம் வெயில் வருகிறது, இனி அங்கேதான்.” வெயிலுக்காகப் பிடித்த இடம். அங்கிருந்து அவர்கள் வாய் அசைவது தெரியும், நோட்டு தெரியாது. இப்போது அந்த ஒன்பது நாள் குறிப்பை என்ன செய்வது? திருத்திவிடலாமா?

ஊட்டி ரயில்:
அதனால்தான் ஆய்வில் சொந்த உணர்ச்சியே கலக்கக்கூடாது என்பார்கள். குளிருகிறது, வெயில் வருகிறது என்பதெல்லாம் எதற்கு? ஒரு வீடியோ எடுத்திருந்தால் பிரச்சினையே இல்லையே.

பழைய நோட்டு:
சார், அந்த ‘வெயில்’ வரி இல்லையென்றால் தவறு எங்கே நடந்தது என்றே தெரிந்திருக்காது. கேமராவையும் யாரோ ஒருவர்தான் ஓரிடத்தில் வைக்கிறார். இவரும் ஜன்னலோரம்தான் வைத்திருப்பார். ஒலிப்பதிவு இருந்தால் அந்தப் பேச்சு கிடைத்திருக்கும், அதுவரை நீங்கள் சொல்வது சரி. அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், படுகம் தெரிந்தவர் உடனிருந்து கேட்கவும் வேண்டும்.

கோத்தகிரி, ஒரு எழுத்தையும் அழிக்காதீர்கள் மா. ‘சலசலப்பு’ அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் இன்றைய தேதி போட்டு, “நான் அப்போது கேட்டது மொழி தெரியாத காது” என்கிற மாதிரி உங்கள் சொல்லில் எழுதுங்கள். இன்னொன்று, அந்த ஒன்பது நாளும் அவர்கள் கணக்குத்தான் பேசினார்கள் என்று இப்போது முடிவுகட்டினால் அதுவும் பழைய தவறுதான். நீங்கள் பார்த்தது ஒரு நாள். ‘கவனமில்லை’, ‘ஆர்வமாக’ போன்ற சொல் வரும் இடத்தையெல்லாம் வட்டமிட்டு, என்ன கண்டு அப்படி எழுதினேன் என்று கேளுங்கள். விடை இல்லாத இடத்தில் “பார்க்கவில்லை” என்று எழுதிவிடுங்கள்.

கொடைக்கானல் டீச்சர்:
பாடக்குறிப்பு நோட்டு பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்து உள்ளே வந்தேன். பரவாயில்லை, என் கதையையும் கேளுங்கள். போன வருடம் ஒரு ஆய்வு மாணவி என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பிள்ளைகளைத் திட்டினால் பேனா ஓடும், பாடம் நடத்தினால் ஓடாது. ரெண்டே நாளில் திட்டுவதை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் வகுப்பு எனக்கே யாருடையதோ போல இருந்தது.

கோத்தகிரிப் பனி:
ஐயோ டீச்சர், அந்த முறைப்பைக்கூட நான் உடனே எழுதினேன்! அவர் அதைக் கவனித்திருப்பார். இனி எந்த நிமிடத்தில் எழுதினேன் என்பதையும் குறிக்கிறேன். எழுதுவதை நிறுத்தி, இடைவேளையில் வராந்தாவில் எழுதிப் பார்த்தால் பேச்சு அப்படியே நினைவில் நிற்பதில்லை, சாரம்தான் மிஞ்சுகிறது.

ஊட்டி ரயில்:
வீடியோ என்றால் இந்தத் தொல்லை இல்லை, அதைத்தான் சொன்னேன்.

பழைய நோட்டு:
சரி சார். :)

கோத்தகிரிப் பனி:
அக்கா, இன்னொரு சிக்கல். வகுப்பு டீச்சர் நேற்று, “என்னம்மா எழுதினே, குடு பார்ப்போம்” என்றார். சின்ன நோட்டைக் காட்டினேன். அதில் பிள்ளைகளுக்குப் புனைபெயர்தான். இரண்டாவது நோட்டில் அவரைப் பற்றிக் கோபமாக நாலு வரி இருக்கிறது. அது பையில்தான் இருந்தது.

பழைய நோட்டு:
எனக்கும் ஒருமுறை இதே கேள்வி வந்தது. காட்டவில்லை. அது சரியா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

கொடைக்கானல் டீச்சர்:
காட்டியிருந்தால் நான் படித்திருப்பேன். அப்புறம் உங்களை வகுப்புக்குள் விட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.