செகண்ட் ஹேண்ட் ஐபோன் 13: இ-சிம் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் எப்படிப் பார்ப்பது?

கார்த்திக், திருச்சி:
வணக்கம். அடுத்த மாதம் வேலைக்காக துபாய் போகிறேன். பேங்க் ஓடிபி வருகிற என் இந்திய நம்பரை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு, சிம் ட்ரேயில் அங்குள்ள சிம்மைப் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். சென்னையில் ஒருவர் ஐபோன் 13 விற்கிறார். ஹாங்காங்கில் வாங்கியதாம், பெட்டி இல்லை. “டூயல் சிம் மாடல், கவலையே வேண்டாம்” என்கிறார். இ-சிம் கட்டாயம் இருக்கும்தானே?

பிரவீன்:
தாராளமா வாங்குங்க ப்ரோ. எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் வந்த 2018-லிருந்து எல்லா ஐபோனிலும் இ-சிம் உண்டு. `*#06#` அடித்து இரண்டு ஐஎம்இஐ காட்டினால் போதும், இரண்டாவது இ-சிம்முக்குத்தான்.

செல்வி:
இ-சிம்முக்கு மாற ஏர்டெல்லில் எவ்வளவு பணம் கேட்கிறார்கள்? எனக்கும் மாற்ற வேண்டும்.

முருகேசன் (மொபைல் சர்வீஸ், கோவை):
செல்வி மேடம், அது வேறு விஷயம். முதலில் உங்கள் போனில் இ-சிம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கம்பெனியிடம் கேளுங்கள்.

கார்த்திக் தம்பி, அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிரவீன் சொல்வது இந்தியாவில் விற்ற போனுக்குச் சரி. சீனா, ஹாங்காங், மக்காவுக்கு என்று வந்த ஐபோன் 13-இல் இ-சிம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரே ட்ரேயின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு நானோ சிம் போடலாம். விற்பவர் ‘டூயல் சிம்’ என்று சொல்வது அநேகமாக இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்கு வேண்டியது அது இல்லை. அந்தப் போனிலும் இரண்டு ஐஎம்இஐ வரும். அதனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது EID. `*#06#` அடித்தால் ஐஎம்இஐயோடு EID என்று 32 இலக்க எண் ஒன்றும் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தப் போனை விட்டுவிடுங்கள். அப்புறம் `Settings > General > About` போய், `Model Number` எதிரே இருப்பதை ஒரு தடவை தொடச் சொல்லுங்கள். A-வில் தொடங்கும் எண்ணாக மாறும். A2633 என்றால் இந்தியாவில் விற்கும் மாடல், இ-சிம் உண்டு. A2634 என்றால் நான் சொன்ன சீனா, ஹாங்காங் மாடல். அப்டேட் போட்டாலும், ரீசெட் செய்தாலும், இங்கே எந்தக் கடையில் கொடுத்தாலும் அதில் இ-சிம் வராது.

பிரவீன்:
ஓ, ஹாங்காங் கதை எனக்குத் தெரியாது அண்ணா. அப்படின்னா தொடுவதற்கு முன்னால் தெரிகிற எண்ணில் கடைசியில் HN/A இருந்தால் மட்டும் வாங்கலாம், இல்லையா?

முருகேசன்:
அது இந்தியாவில் விற்றது என்று காட்டும், அவ்வளவுதான். LL/A என்று முடியும் அமெரிக்க ஐபோன் 13-இலும் இ-சிம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அமெரிக்க போன் என்றால் அதே பக்கத்தில் `Carrier Lock` எதிரே `No SIM restrictions` என்று இருக்கிறதா பாருங்கள். லாக் ஆகியிருந்தால் இ-சிம் இருந்தும் நம் ஊர் நம்பர் ஏறாது. இன்னொன்று, அமெரிக்க ஐபோன் 14-இலிருந்து சிம் ட்ரேயே இல்லை. கார்த்திக்குக்கு ட்ரேயும் வேண்டும் என்பதால் அதுவும் சரிப்படாது.

ரிஸ்வான், கொழும்பு:
சாம்சங்கிலும் இதே தொல்லைதான். என் எஸ்21 கொரியாவிலிருந்து வந்தது, மாடல் SM-G991N. `SIM manager` உள்ளே `Add eSIM` என்ற வரியே இல்லை. நண்பனுடையது SM-G991B, அதில் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வேறு நாட்டு சாப்ட்வேர் ஏற்றினால் வரும் என்கிறார்கள், உண்மையா?

முருகேசன்:
வந்ததாகச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நான் செய்து பார்த்ததில்லை. போன் உயிரை விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நானாக இருந்தால் கை வைக்க மாட்டேன்.

கார்த்திக்:
விற்பவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். A2633 என்று இருக்கிறது! ஹாங்காங் என்றவர் இப்போது “சரியாக ஞாபகம் இல்லை” என்கிறார். நம்பலாமா?

முருகேசன்:
ஸ்கிரீன்ஷாட் வேறு போனில் எடுத்ததாக இருக்கலாம். நேரில் போங்கள். நீங்களே `*#06#` அடியுங்கள். பின்னால் ட்ரேயை வெளியே இழுத்து, அந்தத் துளைக்குள் டிஸ்ப்ளே பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள். மாடல் எண் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். ட்ரேயின் இருபுறமும் சிம் வைக்க இடம் இருந்தால், அவர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

கார்த்திக்:
போய்ப் பார்த்தேன் அண்ணா. ட்ரேயில் இரண்டு பக்கமும் இடம் இருந்தது, உள்ளே A2634. EID வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேறொன்று பார்க்கிறேன், அது பெட்டியோடு வருகிறது.

முருகேசன்:
நல்லது. பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரிலும் EID அச்சிட்டிருக்கும். ஆனால் அந்தப் பெட்டி இந்தப் போனுடையதுதானா என்று முதலில் ஐஎம்இஐயை ஒப்பிட்டுவிடுங்கள்.