சர்வே வேலை என்று வந்த அழைப்புகள்: உங்கள் அனுபவம் என்ன?

தேன்மொழி
தங்கைக்கு வந்த அழைப்பு இது. வாட்ஸ்அப் குழு, கடைகளுக்கு நட்சத்திரம் போடும் வேலை, உடனே ஒரு சின்னத் தொகை கைக்கு வந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். அடுத்து ‘கள ஆய்வு பிராஜெக்ட்’ ஒதுக்க முன்பணம் கட்ட வேண்டுமாம், பிறகு திருப்பித் தருவார்களாம். அவள் கட்டத் தயாராகிவிட்டாள். நான் போனை வாங்கி, “இந்த ஆய்வில் யாரைப் பேட்டி எடுக்கக் கூடாது?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், “யாராக இருந்தாலும் சரி மேடம், எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம்” என்றார். அதோடு வைத்துவிட்டேன். வந்த வேலையை நான் கெடுத்துவிட்டதாகத் தங்கை இன்னும் நினைக்கிறாள்.

கதிரவன்
சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் கள மேற்பார்வையாளர். எங்கள் கேள்வித்தாளின் முதல் பக்கமே ஆட்களை வடிகட்டத்தான். சலவைத்தூள் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது விளம்பரத் துறையிலோ, சந்தை ஆய்விலோ, சலவைத்தூள் தயாரிப்பு விற்பனையிலோ இருந்தால் நன்றி சொல்லிக் கிளம்பிவிட வேண்டும். சமீபத்தில் இதே மாதிரி ஆய்வில் பதில் சொன்னவரும் வேண்டாம். அப்புறம் கோட்டா: இந்த வயதில் இத்தனை பேர், அந்த வயதில் இத்தனை பேர். ஒரு கட்டம் நிரம்பியதும் அதற்குமேல் எடுக்கும் பேட்டியால் யாருக்கும் பயனில்லை, காசும் கிடையாது. அதனால் ‘எத்தனை பேர் வேண்டுமானாலும்’ என்று ஆய்வு நடத்துபவர் வாயில் வராது.

வீட்டைக்கூட நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. தொடங்கும் இடத்தைக் கொடுப்பார்கள். அங்கிருந்து பெரும்பாலும் வலது கைப் பக்கமாகவே நடந்து, ஒரு பேட்டி முடிந்ததும் சொன்ன எண்ணிக்கையில் வீடுகளை விட்டு அடுத்த கதவைத் தட்ட வேண்டும். வீட்டுக்குள் யாரிடம் பேசுவது என்பதற்கும் பல ஆய்வுகளில் கிஷ் கட்டம் என்ற தேர்வு அட்டவணை இருக்கும். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் வெளியிட்ட முறை, இன்றும் ஓடுகிறது. இதையெல்லாம் பழக்க ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார்ந்து மாதிரிப் பேட்டி எடுக்கச் சொல்வோம். முடித்த பேட்டிகளில் ஒரு பகுதிக்கு வேறொருவர் போன் செய்து, ‘உங்களிடம் உண்மையிலேயே வந்தார்களா, எவ்வளவு நேரம் பேசினார்கள்’ என்று சரிபார்ப்பார். அதில் தேறியவற்றுக்குத்தான் கூலி. பணம் ஆய்வைக் கேட்ட வாடிக்கையாளரிடமிருந்து ஆய்வு ஏஜென்சிக்கு, ஏஜென்சியிலிருந்து களத்துக்கு வருகிறது. பேட்டி எடுப்பவர் எதிர்த்திசையில் அனுப்ப வேண்டிய தேவை எங்கேயும் வராது.

ராஜசேகர்
இவ்வளவு ஆராய வேண்டாம். பயிற்சி வகுப்பு வைத்தால் உண்மை, வைக்காவிட்டால் பொய். நான் போன இடத்தில் நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்கள், ஒழுங்காகக் கூலியும் வந்தது.

கதிரவன்
ராஜசேகர் ஐயா, வகுப்பு வைத்து, அதற்கே கட்டணம் வாங்கி, ‘சான்றிதழ் பெற்ற ஆய்வாளர்’ அட்டை கொடுத்து அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வகுப்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஆய்வின் கேள்வித்தாளை வரி வரியாகப் படித்தார்களா? இல்லை, சம்பாதிக்கலாம் என்றே பேசினார்களா?

மீனாட்சி
நானும் வருஷக்கணக்கில் சர்வே செய்கிறேன். போனில் கேள்விக்குப் பதில் சொன்னால் புள்ளிகள் சேரும். எடுக்கும் அளவு நெருங்கும்போதெல்லாம் ‘நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை’ என்று பாதியில் வெளியேற்றுகிறது. இதுவும் மோசடிதானா?

தேன்மொழி
அக்கா, நீங்கள் பதில் சொல்பவர். நாங்கள் பேசுவது கேள்வி கேட்கும் வேலை பற்றி. கதிரவன் சொன்ன அதே வடிகட்டல் உங்களை வெளியே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லையில் வந்து நிற்பது எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இளங்கோ
என்னிடம் டேப்லெட்டுக்கு டெபாசிட் கேட்டார்கள். கேள்வித்தாள், கோட்டா, மாதிரிப் பேட்டி எல்லாம் இருந்த இடம்தான். நான் கட்டவில்லை, வேலையும் போனது.

ஒன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணில் விசாரிக்காதீர்கள். ஏஜென்சியின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, இந்தப் பெயரில் ஆய்வு ஓடுகிறதா, கள மேலாளர் யார் என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் காட்ட என்ன கடிதம் தருவார்கள் என்றும் கேளுங்கள், ஏனென்றால் கதவைத் திறப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார். ஒரு பேட்டி எவ்வளவு நேரம், நிராகரித்தால் யார் முடிவு, எப்போது கூலி என்பதை எழுத்தில் வாங்குங்கள். திரையில் உங்கள் கணக்கில் தொகை ஏறிக்கொண்டே இருந்து, எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திற என்று சொன்னால், அந்தத் தொகை எங்கேயும் இல்லை. போட்டதை மீட்க மேலும் போடாதீர்கள்.

கதிரவன்
டேப்லெட் விஷயத்தில் நான் தயங்குகிறேன். கருவி திரும்பாமல் போன அனுபவம் எங்களுக்கு உண்டு. நாங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம்; திரும்பாவிட்டால் கடைசிக் கூலியில் கழிப்போம். முன்கூட்டியே கேட்கும் சிறிய ஏஜென்சியை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், என் ஆட்களை அங்கே அனுப்பவும் மாட்டேன்.

ராஜசேகர்
அப்படியென்றால் எங்கேயும் முன்பணம் இல்லை என்று மேலே சொன்னது?

இளங்கோ
அதையேதான் நானும் கேட்கிறேன்.