பேட்டியின் கடைசியில் உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது

மாறன்: எங்கள் குடும்பத்தின் பைண்டிங் பட்டறையைப் பற்றி ஆறு நிமிட ஆவணப்படம் செய்கிறேன். அப்பாவின் 20 நிமிடப் பேட்டி இருக்கிறது. படம் போனில், குரல் தனி ரெக்கார்டரில். மீதியெல்லாம் ஆளாளுக்கு எடுத்த துண்டு வீடியோக்கள், ஆல்பம் புகைப்படங்கள். கை தட்டிய இடத்தை வைத்துக் குரலைப் பொருத்தினேன். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. கடைசியில் உதடு அசைந்து ஒன்றரை நொடி கழித்துத்தான் குரல் வருகிறது. எங்கே தப்பு?

சுதா: ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸ், உங்கள் ப்ராஜெக்ட் 48. அதுதான்.

கதிரேசன்: அந்தக் குழப்பமாக இருந்தால் 20 நிமிடப் பேச்சு பதினெட்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், குரலும் கீச்சென்று ஆகிவிடும். இது வேறு. போனின் சொந்த ஒலியை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அதுவும் உதட்டோடு ஒட்டவில்லை என்றால் ரெக்கார்டர் மேல் பழி இல்லை. வெளிச்சம் குறைந்தால் போன் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்காமல் குறைத்துவிடும். எடிட்டிங் மென்பொருள் 30 என்றே எண்ணி ஓட்டினால் படம் முந்திக்கொள்ளும். MediaInfo-வில் `Frame rate mode: Variable` என்று இருக்கிறதா?

வளர்மதி: எனக்கும் இதே பிரச்சினைதான். புகைப்படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகிறது.

கதிரேசன்: அது வேறு கதை அம்மா. மெசேஜில் வந்த பிரதியை விட்டுவிட்டு, ஆல்பத்திலிருந்து எடுத்து நேரடியாக 600 dpi-இல் ஸ்கேன் செய்யுங்கள்.

மாறன்: ஆமாம், Variable என்றுதான் இருக்கிறது. போன் ஒலியும் ஒட்டவில்லை.

கதிரேசன்: அப்போது இதை ஓட்டிவிட்டு, புதிய கோப்பை வைத்துத் திரும்பப் பொருத்துங்கள்.

```
ffmpeg -i appa.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a pcm_s16le -ar 48000 appa_30.mov
```

மாறன்: சரியாகிவிட்டது! கடைசியில் மட்டும் இரண்டு ஃபிரேம் தள்ளி நிற்கிறது.

கதிரேசன்: இரண்டு கருவிகளின் கடிகாரமும் அச்சாக ஒன்றாக ஓடாது, அவ்வளவுதான். அதற்காக முழுப் பேட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆறு நிமிடத்தில் அப்பா முகம் ஒரு நிமிடம் தெரிந்தால் அதிகம். முதலில் படத்தை மறந்துவிட்டுக் குரலை மட்டும் வெட்டி, கண்ணை மூடிக் கேட்டால் கதை புரிகிற மாதிரி அடுக்குங்கள். அப்புறம் முகம் தெரிகிற துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக நகர்த்திப் பொருத்துங்கள். மற்ற இடங்களில் புகைப்படமும் துண்டு வீடியோவும் மேலே வந்துவிடும்.

மாறன்: அப்படியே வெட்டினேன். ஆனால் பின்னால் ஓடும் கட்டிங் மெஷின் இரைச்சல் ஒவ்வொரு வெட்டிலும் குதிக்கிறது.

சுதா: இரைச்சல் நீக்கி போட்டால் போகும்.

கதிரேசன்: போகும், குரலும் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகும். அப்பா பேசாத இடத்திலிருந்து பத்து நொடி இரைச்சலை எடுத்து, வெட்டுகளுக்கு அடியில் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள்.

மாறன்: அவர் மூச்சு விடாமல் பேசியிருக்கிறார், சார். இரண்டு நொடி கூடச் சும்மா இல்லை. மெஷினைத் தனியாகப் பதிவு செய்யலாம் என்றால், போன மாதம்தான் மோட்டாரை மாற்றினோம். சத்தமே வேறு.