20 மி.மீ. கம்பி, 400 மி.மீ. நீளம்: ஆய்லரா, ஜான்சனா?

வணக்கம். அமுக்கு விசை தாங்கும் ஒரு இணைப்புக் கம்பியைச் சரிபார்க்கிறேன். மைல்டு ஸ்டீல், யீல்டு 250 MPa, E = 200 GPa, இரண்டு முனையிலும் பின். வட்டக் கம்பி என்பதால் r = d/4 = 5 மி.மீ.; L/r = 80.

ஆய்லர் சூத்திரம் 308 MPa தருகிறது. யீல்டையே தாண்டுவதால் இதை நம்ப முடியாது. அதற்கு முன்பே ஓரத்து இழைகள் யீல்டாகி, விறைப்பு குறைந்து, கம்பி வளைந்துவிடும். எல்லையைப் பார்த்தேன்:

```
(L/r)c = √(2π²E/Sy) ≈ 126
```

அந்த இடத்தில் இரண்டு சூத்திரமும் யீல்டில் பாதியான 125 MPa-வில் தொட்டுக்கொள்கின்றன. என் 80 அதற்குக் கீழே. எனவே ஜான்சன் பரவளையம்:

```
σ = Sy[1 − Sy(L/r)²/(4π²E)] ≈ 199 MPa
```

அதாவது சுமார் 62 kN. ஆய்லரை நம்பியிருந்தால் 97 kN என்று வந்திருக்கும். எவ்வளவு ஆபத்தான இடைவெளி!

இதுவரை தெளிவு. சிக்கல் இதுதான்: பின் துளை மையத்திலிருந்து 1 மி.மீ. விலகலாம். ec/r² = 0.4 வருகிறது, சின்ன எண் இல்லை. ஜான்சனில் இந்த விலகலுக்கு இடமே கிடையாது. வேலைச்சுமை 20 kN. ஜான்சன்படி பாதுகாப்புக் காரணி 3 இதை விழுங்கிவிடும் என்று விடலாமா, அல்லது செகன்ட் சூத்திரத்துக்குப் போக வேண்டுமா? இப்படிப்பட்ட கம்பிகளை வடிவமைத்தவர்கள் சொல்லுங்கள்.