‘லாக்அவுட்’ என்பதற்கு என்ன சொல் வைக்கலாம்?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேர்ட்பிரஸ் தளங்களில் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் பாட்களைத் தடுக்கும் ஒரு செருகுநிரலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அது இரண்டு வேலை செய்கிறது. 4 முறை தவறான கடவுச்சொல் கொடுத்தால் 20 நிமிடத்துக்கு உள்ளே விடாது. அப்புறம், எல்லாருக்கும் தெரிந்த `wp-login.php` முகவரியை நாம் விரும்பும் வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

அந்த 20 நிமிடத் தடையை ஆங்கிலத்தில் லாக்அவுட் என்கிறார்கள். நான் ‘கணக்கு முடக்கம்’ என்று போட்டிருக்கிறேன். மாற்றிய முகவரிக்கு ‘மறைவாசல்’ சரியாக வருமா?

பரமசிவம் எழுதியது:

‘கணக்கு முடக்கம்’ எல்லாருக்கும் பழகிய சொல், அதையே வையுங்கள். ‘மறைவாசல்’ என்பதைவிடப் ‘புறவாசல்’ இயல்பாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதல் வசதியே தேவையில்லை. முகவரியை மாற்றி, `admin` என்ற பயனர்பெயரையும் மாற்றிவிட்டால் பாட் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். என் தளத்தில் அப்படித்தான் செய்தேன், அதோடு தொல்லை நின்றது.

நிர்மலா எழுதியது:

பரமசிவம் ஐயா சொல்வதில் பாதி உண்மை. முகவரியை மாற்றியதும் `wp-login.php`-ஐத் தட்டும் பாட்களில் பெரும்பாலானவை 404 வாங்கிக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போய்விடும். அவை தளத்தைப் படித்துப் பார்த்து வருவதில்லை, இயல்பான முகவரியை மட்டுமே தெரிந்துகொண்டு வருகின்றன. ஆனால் வேர்ட்பிரஸுக்கு இன்னொரு வழியும் உண்டு. முகவரி மாற்றிய ஒரு தளத்தின் பதிவேடு இப்படித்தான் இருக்கும்:

```
203.0.113.45 "POST /wp-login.php" 404
203.0.113.45 "POST /xmlrpc.php" 200
203.0.113.45 "POST /xmlrpc.php" 200
```

`xmlrpc.php` வழியாகவும் பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்துப் பார்க்க முடியும். அங்கே 200 என்று வந்தால் உள்ளே போய்விட்டான் என்று பயப்பட வேண்டாம், கடவுச்சொல் தவறானாலும் பதில் 200 தான். பழைய பதிப்புகளில் `system.multicall` என்ற ஒரே வேண்டுகோளுக்குள் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களை அடுக்கி அனுப்பலாம். 4.4 பதிப்பிலிருந்து, அதில் ஒன்று தவறினால் மீதி எதையும் சரிபார்க்காது. அந்தக் கோப்பு வழியாக வெளிச் செயலி எதுவும் உங்கள் தளத்தோடு பேசவில்லை என்றால் வழங்கியிலேயே அடைத்துவிடுங்கள். `admin` பெயரை மாற்றினாலும், பல தளங்களில் `/?author=1`, `/?author=2` என்று வரிசையாகத் தட்டினால் புதிய பெயர் முகவரிப் பட்டையில் வந்து நிற்கும். ஆகவே எண்ணிக்கை வரம்பு வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘கணக்கு முடக்கம்’ வேண்டாம். இங்கே பூட்டப்படுவது கணக்கு இல்லை. தவறான கடவுச்சொற்கள் வந்த ஐபியைத்தான் 20 நிமிடம் தள்ளி வைக்கிறது. அதே பயனர் கைப்பேசி இணைப்பில் வந்தால் நுழைந்துவிடுவார். ‘கணக்கு முடக்கப்பட்டது’ என்று படித்தால், தன்னை நிர்வாகி நீக்கிவிட்டார் என்றே நினைப்பார். ‘புறவாசல்’ இன்னும் மோசம். தளத்தை உடைத்தவன் திரும்பி வருவதற்காக விட்டுப்போகும் ரகசிய வழியை அப்படிச் சொல்லி எல்லாருக்கும் பழகிவிட்டது.

‘இடைக்காலத் தடை’ எப்படி?

பரமசிவம் எழுதியது:

புறவாசலை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘இடைக்காலத் தடை’ என்றால் நீதிமன்றம்தான் கண்முன் வருகிறது. தொழிற்சாலை லாக்அவுட்டுக்குச் செய்தித்தாள்கள் எழுதும் ‘கதவடைப்பு’ இருக்கிறதே?

நிர்மலா எழுதியது:

கதவடைப்பு என்றால் எல்லாருக்கும் கதவு மூடியிருக்கும். இங்கே ஒருவருக்கு மட்டும்தான்.

ஜெயராஜ் எழுதியது:

எங்களுக்கு எல்லாருக்கும்தான் மூடியது! போன வாரம் அலுவலகத்தில் யாருமே உள்ளே போக முடியவில்லை. ஒருவர்கூடக் கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து முயன்றாலும் அதே செய்தி. 20 நிமிடம் காத்திருந்தால் திறக்கிறது, உடனே மறுபடி பூட்டிக்கொள்கிறது. இதற்கு என்ன செய்வது? சொல் விவாதத்தின் நடுவே கேட்பதற்கு மன்னிக்கவும்.

நிர்மலா எழுதியது:

ஜெயராஜ், உங்கள் தளத்துக்கு முன்னால் ப்ராக்ஸி அல்லது சிடிஎன் ஏதாவது இருக்கிறதா? செருகுநிரலின் தடைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எல்லா வரியிலும் `127.0.0.1` போல ஒரே ஐபி இருந்தால் காரணம் அதுதான். பாட், நீங்கள், வாசகர் எல்லாரும் ப்ராக்ஸி வழியாக வருவதால் வேர்ட்பிரஸுக்கு ஒரே ஆள் மாதிரி தெரிகிறது. பாட் 4 முறை தவறினால் அத்தனை பேருக்கும் தடை.

இப்போதைக்கு உள்ளே போக, வழங்கியில் செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றினால் போதும். இது வேலை செய்வதை நிறுத்திவிடும்:

```
cd wp-content/plugins
mv limit-login-attempts-reloaded lla-off
```

உங்கள் செருகுநிரலின் கோப்புறைப் பெயர் வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். அப்புறம் ப்ராக்ஸி அனுப்பும் உண்மையான ஐபியை வழங்கி எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டு, பெயரைத் திருப்பி வைத்து மறுபடி இயக்குங்கள். ஒன்றில் கவனம் வேண்டும். `X-Forwarded-For` தலைப்பில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். உங்கள் ப்ராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டுமே அதை நம்பும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பாட் ஒவ்வொரு முறையும் ஒரு புது ஐபியை எழுதிக்கொண்டு வரும், எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவே தாண்டாது.

கயல்விழி எழுதியது:

அப்படியானால் ‘ஐபி தடை’ என்றே வைத்துவிடலாமா? சுருக்கமாக இருக்கிறது, எது தடுக்கப்பட்டது என்பதும் தெரிகிறது. ‘முகவரித் தடை’ என்றும் யோசித்தேன். ஆனால் இதே திரையில் நுழைவுப் பக்கத்தின் முகவரியும் வருவதால் இரண்டும் குழம்பும்.

பரமசிவம் எழுதியது:

தமிழாக்கத்தில் ‘ஐபி’ என்று அப்படியே விடுவது எனக்கு ஒப்பவில்லை. ‘இணைப்புத் தடை’ என்றால் என்ன?

நிர்மலா எழுதியது:

‘இணைப்புத் தடை’ என்று படித்தால் இணையம் போய்விட்டது என்று மோடத்தை அணைத்துப் போடுவார்கள் ஐயா.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தச் சொல் வேறு மென்பொருள்களுக்கும் போகும். ட்ரூபல் தவறுகளை இரண்டு விதமாக எண்ணுகிறது. இயல்பமைப்பில் ஒரே ஐபியிலிருந்து ஒரு மணி நேரத்தில் 50 தவறு, ஒரு பயனருக்கு 6 மணி நேரத்தில் 5 தவறு. அந்த 5 கூட, அந்தப் பயனர்பெயர் அந்த ஐபியிலிருந்து தவறுவதைத்தான் எண்ணுகிறது. எங்கோ இருக்கும் ஒருவன் உங்கள் பெயரைப் போட்டு 5 முறை தவறி உங்களை வெளியே நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் எங்கிருந்து வந்தாலும் பயனர்பெயரை மட்டும் எண்ணும்படியும் மாற்றலாம். ஆயிரம் ஐபியிலிருந்து ஆளுக்கொரு முறை ஊகிக்கும் பாட் கூட்டத்தை அப்படித்தான் பிடிக்க முடியும். அங்கே பூட்டப்படுவது கணக்கேதான். ஆக, ‘ஐபி தடை’, ‘கணக்குத் தடை’ என்று இரண்டு சொல் வேண்டும், இரண்டுக்கும் பொதுவாக ‘நுழைவுத் தடை’.

கயல்விழி எழுதியது:

‘நுழைவுத் தடை’ எனக்குப் பிடித்திருக்கிறது. செய்தியை இப்படி மாற்றுகிறேன்: “இந்த ஐபியிலிருந்து பலமுறை தவறான கடவுச்சொல் வந்ததால் 20 நிமிடங்களுக்கு நுழைவுத் தடை. உங்கள் கணக்கு பாதுகாப்பாக உள்ளது.”

நிர்மலா எழுதியது:

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். கணக்கு பாதுகாப்பாக இருக்கிறதா என்று செருகுநிரலுக்குத் தெரியாது. ‘உங்கள் கணக்கு முடக்கப்படவில்லை’ என்று வேண்டுமானால் போடலாம். ‘மறைவாசல்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சலில் அந்த முகவரி அப்படியே போகிறது. தளத்தில் பதிவு செய்த எல்லாருக்கும் தெரிந்ததை ‘மறை’ என்று சொன்னால் நிர்வாகி அதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிடுவார். ‘மாற்று நுழைவுப் பக்கம்’ போதும்.

பரமசிவம் எழுதியது:

நீளம். பொத்தானில் அடங்காது. ‘மாற்றுவாசல்’?

ஜெயராஜ் எழுதியது:

பட்டியலைப் பார்த்தேன், எல்லா வரியிலும் `127.0.0.1` தான். கோப்புறைப் பெயரை மாற்றியதும் உள்ளே போய்விட்டோம், நன்றி. ப்ராக்ஸி அமைப்பு எங்கள் கையில் இல்லை, வழங்கி வைத்திருப்பவரிடம் கேட்டிருக்கிறேன்.

கயல்விழி எழுதியது:

‘நுழைவுத் தடை’, ‘ஐபி தடை’, ‘கணக்குத் தடை’ மூன்றையும் கோப்பில் ஏற்றிவிட்டேன், செய்தியையும் நிர்மலா சொன்னபடி மாற்றினேன். ‘மாற்றுவாசல்’ பொத்தானில் அடங்குகிறது, ஆனால் அமைப்புப் பக்கத்தில் அதன் கீழே ஒரு வரி விளக்கம் இல்லாமல் புரியாது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள், அந்த ஒரு சரத்தை மட்டும் திறந்தே வைத்திருக்கிறேன்.