x வச்சு இன்டக்ரேட் பண்ணேன், பாதி விடை காணோம்

கொண்டலாம்பட்டி_பையன்:
F = (2xy + 3, x² + z², 2yz − 4). இதுக்கு பொட்டன்ஷியல் ஃபங்ஷன் கேட்டிருக்காங்க. முதல் உறுப்ப x வச்சு இன்டக்ரேட் பண்ணேன், x²y + 3x + C வந்துச்சு. புக்குல x²y + 3x + yz² − 4z + C னு இருக்கு. அந்த மீதி ரெண்டும் எங்கிருந்து வந்துச்சு?

அம்மாபேட்டை_குமார்:
தம்பி ரொம்ப ஈசி. மூணையும் தனித்தனியா இன்டக்ரேட் பண்ணு. x வச்சு x²y + 3x, y வச்சு x²y + yz², z வச்சு yz² − 4z. திரும்ப திரும்ப வர்றத ஒரே ஒரு தடவ எழுது, புக்கு விடை வந்துரும். நான் காலேஜ்ல எல்லா பரீட்சையும் இப்படித்தான் போட்டேன், ஒரு மார்க் கூட போகல.

அஸ்தம்பட்டி_டீச்சர்:
தம்பி, நீ C போட்ட இடத்துலதான் தப்பு. x வச்சு இன்டக்ரேட் பண்றப்ப y, z ரெண்டும் அசையாம நிக்குது, அதனால அங்க வர்றது வெறும் எண் இல்ல, y-யும் z-ம் கலந்த எதுவா வேணா இருக்கலாம், x வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணா எல்லாமே பூஜ்யமா போயிரும்ல. அத g(y, z) னு எழுது.

f = x²y + 3x + g(y, z)

இப்ப இத y வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணு, x² + g_y வரும். அது ரெண்டாவது உறுப்பு x² + z²-க்கு சமமா இருக்கணும், அப்ப g_y = z², g = yz² + h(z). நீ தொலைச்சது இங்கதான் இருக்கு. கடைசியா z வச்சு பாத்தா 2yz + h′ = 2yz − 4, அதனால h = −4z + C. C இங்கதான் வரணும்.

அம்மாபேட்டை_குமார்:
அக்கா, அதே விடைதான? நான் மூணு வரில முடிச்சத நீங்க ஏழு வரி ஓட்டுறீங்க.

அஸ்தம்பட்டி_டீச்சர்:
இந்த கணக்குல அதேதான். நடு உறுப்ப மட்டும் x² + xz னு மாத்துங்க குமார். உங்க வழில x²y + 3x + xyz + yz² − 4z னு அழகா ஒரு விடை வந்துரும். அத x வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணி பாருங்க, 2xy + 3 + yz வருது, அந்த yz கேள்வியிலயே இல்ல. ஏன்னா இந்த ஃபீல்டுக்கு பொட்டன்ஷியலே கிடையாது. என் வழில ரெண்டாவது படியிலயே g_y = xz னு நிக்கும், x இல்லாத g-க்குள்ள x வந்து உக்காந்திருக்கும், அங்கயே பேனாவ வச்சிரலாம். ஒண்ணு ஃபீல்டு கன்சர்வேட்டிவ் இல்ல, இல்லன்னா நாம முன்னாடி படியில பிசகிட்டோம்.

அம்மாபேட்டை_குமார்:
சரி, முதல்ல கர்ல் பூஜ்யமான்னு பாத்துட்டு அப்புறம் என் வழி. இப்ப என்ன சொல்றீங்க?

அஸ்தம்பட்டி_டீச்சர்:
(x + y, x + y) எடுத்துக்கங்க, கர்ல் பூஜ்யம்தான். முதல் உறுப்புக்கு ஒரு பையன் (x + y)²/2 னு எழுதுவான், அதுவும் சரி. ரெண்டாவதுக்கு xy + y²/2 எழுதுவான், அதுவும் சரி. இதுல எது திரும்ப வந்துச்சு? கண்ணுக்கு ஒண்ணும் ஒரே மாதிரி தெரியாது, ரெண்டையும் கூட்டிருவான், xy-யும் y²/2-ம் ரெண்டு தடவ விழுந்துரும். நான் திருத்தின பேப்பர்ல இந்த தப்ப நிறைய பாத்துட்டேன், பாவமா இருக்கும், இன்டக்ரேஷன் எல்லாம் சரியா போட்டிருக்கும் பிள்ளைங்க.

ஏற்காடு_டாக்சி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். பொட்டன்ஷியல்னா எந்த வழில போனாலும் ஒரே கணக்குன்னு என் பொண்ணு சொல்லுச்சு. நான் 20 கொண்டை ஊசி வளைவு ஏறியும் போறேன், குப்பனூர் வழியாவும் போறேன், பெட்ரோல் ஒரே மாதிரி ஆகவே மாட்டேங்குது. அப்ப அது தப்பா?

அஸ்தம்பட்டி_டீச்சர்:
உங்க பொண்ணு சொன்னது சரிதாங்க. புவியீர்ப்புக்கு எதிரா வண்டி செய்ற வேல ரெண்டு ரோட்டுலயும் ஒண்ணுதான், கிளம்புற இடமும் சேர்ற இடமும் மாறாத வரைக்கும். பெட்ரோல்ல டயர் உராய்வு, பிரேக், காத்து எல்லாம் சேருது, அதுக்கெல்லாம் பொட்டன்ஷியல் கிடையாது, ரோடு நீளத்த பொறுத்து மாறும்.

சூரமங்கலம்_எம்எஸ்சி:
அக்கா, கர்ல் பூஜ்யம்னு குமார் அண்ணன் சொன்னப்ப நீங்க ஒத்துக்கிட்ட மாதிரி விட்டுட்டீங்க. (−y/(x²+y²), x/(x²+y²)) பாருங்க, ஆதிப்புள்ளி தவிர எல்லா இடத்துலயும் கர்ல் பூஜ்யம். x வச்சு இன்டக்ரேட் பண்ணா −arctan(x/y) + g(y), y வச்சு சரிபாத்தா g′ = 0. உங்க முறையும் நிக்காம ஓடி முடிஞ்சிருது. ஆனா y = 0-ல அந்த arctan உடையுது, அதனால மேல் பாதிக்கு ஒரு C, கீழ் பாதிக்கு வேற C வைக்கலாம். இடது பக்கம் ஒட்டணும்னா கீழ π கூட்டணும், கூட்டினா வலது பக்கம் 2π வித்தியாசத்துல பிச்சுக்கும். ஆதிப்புள்ளிய சுத்தி ஒரு ரவுண்டு போனா 2π வருதுல்ல, அதேதான் இது.

அஸ்தம்பட்டி_டீச்சர்:
சரிதான், அத நான் சொல்லியிருக்கணும். தம்பி கேட்ட ஃபீல்டு எல்லா இடத்துலயும் ஒழுங்கா இருக்கு, ஓட்டை இல்ல, அதனால அங்க கவல இல்ல.

அம்மாபேட்டை_குமார்:
ஓட்டை இல்லாத ஃபீல்டுன்னா, அடுக்குகள விரிச்சு எழுதிட்டு, கர்ல் பாத்துட்டு போட்டா என் வழி தப்பாகாது. இத நான் விடமாட்டேன் அக்கா.

அஸ்தம்பட்டி_டீச்சர்:
விரிக்க அடுக்கே இல்லாத sin(x + y) வந்தா என்ன பண்ணுவீங்க?

கொண்டலாம்பட்டி_பையன்:
அக்கா, g வச்சு போட்டேன், வந்துருச்சு. z-ல ஆரம்பிச்சும் போட்டு பாத்தேன், yz² − 4z + g(x, y), அதே விடை. ஆனா x-ல ஆரம்பிக்கிறதா z-ல ஆரம்பிக்கிறதான்னு பாத்த உடனே எப்படி தெரியும்?