வரகுச் சோறும் இரண்டு கரண்டி நெய்யும்: சர்க்கரை இறங்கியும் எடை இறங்காதது ஏன்?

கழனிவாசல்காரன்:
மூன்று மாதமாக மதியம் அரிசிச் சோற்றுக்குப் பதில் வரகுச் சோறு சாப்பிடுகிறேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 178 காட்டிய சர்க்கரை இப்போது 142 தான் காட்டுகிறது. எடை மட்டும் 84 கிலோவிலேயே நிற்கிறது. சர்க்கரை ஏறாவிட்டால் கொழுப்பும் சேரக் கூடாது அல்லவா?

தேவகோட்டை ரஸ்தா:
நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள், இன்னும் சில வாரங்கள் பொறுத்திருங்கள். இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலின் அதிகம் சுரக்கும்; இன்சுலின் இருக்கும்வரை உடல் சேமித்த கொழுப்பை வெளியே விடாது. சிறுதானியத்தில் அந்த ஏற்றம் குறைவாக இருப்பதால் கொழுப்பு கரையத் தொடங்கும். கலோரிக் கணக்கு பழைய காலத்துக் கணக்கு. ஒரே கலோரி உள்ள இரண்டு உணவுகள் உடலில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதைத்தான் ஓர் உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று அளக்கும் கிளைசெமிக் குறியீடு காட்டுகிறது.

செக்காலை:
பொறுத்திருக்கச் சொல்வதற்கு முன் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்போம். கழனிவாசல்காரரே, முன்பு எத்தனை கிராம் அரிசி வேகவைத்தீர்கள், இப்போது எத்தனை கிராம் வரகு? வெந்த சோற்றின் அளவு வேண்டாம், வேகாத தானியத்தின் எடையைச் சொல்லுங்கள். வரகுடன் புதிதாக எதையாவது சேர்த்தீர்களா, வேறு எதையாவது நிறுத்தினீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, வரகெல்லாம் எதற்கு? எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் கவுனி அரிசிதான். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன எங்கள் ஐயா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், அந்தத் தலைமுறையில் யாருக்கும் சர்க்கரை வந்ததில்லை. கவுனி கறுப்பரிசி, தவிடு போகாதது, முழுத் தானியம். அதைச் சாப்பிட்டால் சர்க்கரை வியாதி குணமாகும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, உங்களுக்கும் அது உதவாதா?

கழனிவாசல்காரன்:
செக்காலை அம்மா, வீட்டில் சமையல் தராசு இருக்கிறது. முன்பு 90 கிராம் அரிசி. இப்போது வரகு 100 கிராம், சிறுதானியம்தானே என்று கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன். வரகுச் சோறு உலர்ந்துபோய்த் தொண்டையில் நிற்பதால் சிறு கரண்டியில் இரண்டு கரண்டி நெய் விட்டுப் பிசைகிறேன். அரிசிச் சோற்றுக்கு நெய் ஊற்றுவதில்லை. ஒரு நல்ல மாற்றமும் உண்டு. மாலை ஐந்து மணிக்குத் தேங்குழல் கொறிக்கும் பழக்கம் தானாகவே நின்றுவிட்டது, அந்த நேரத்தில் பசியே எடுப்பதில்லை.

ஆச்சி, எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை, எல்லையில் இருக்கிறேன் என்று மருத்துவர் சொன்னார். நான் கேட்டது எடையைப் பற்றி.

செக்காலை:
உங்கள் எடை ஏன் அசையவில்லை என்பதற்கான விடை நீங்கள் கொடுத்த விவரத்திலேயே இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியலை வைத்துக் கணக்கிட்டால், 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 356 கலோரி, 100 கிராம் வரகில் ஏறக்குறைய 332. சிறுதானியம் என்றதும் பாதிக் கலோரிதான் இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், ஆனால் வித்தியாசம் இவ்வளவுதான். 90 கிராம் அரிசியை 90 கிராம் வரகாக மாற்றியிருந்தால் ஒரு வேளைக்கு 21 கலோரி மிச்சம். தொண்ணூறு நாளில் அது 1,900 கலோரி, அதாவது கொழுப்பாகப் பார்த்தால் கால் கிலோ. காலையில் தண்ணீர் குடித்துவிட்டு நின்றாலே எடைத் தராசு அதைவிட அதிகம் ஆடும்.

நீங்களோ 90-ஐ 100 ஆக்கி, 10 கிராம் நெய்யும் சேர்த்திருக்கிறீர்கள். அரிசிச் சோறு 320 கலோரி. இப்போதைய வரகுச் சோறு 332, நெய் 90, ஆக மொத்தம் 420-க்குச் சற்று மேல். நாளுக்கு நூறு கலோரி கூடியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி நீங்கள் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், ஆனால் ஏறவில்லை. காரணம் தேங்குழல். கையளவு, அதாவது 20 கிராம் தேங்குழல் ஏறக்குறைய நூறு கலோரி. மதியம் கூடியது மாலையில் கழிந்துவிட்டது. உங்கள் தராசு பொய் சொல்லவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அம்மா, நீங்கள் என் பக்கத்தைத்தான் நிரூபிக்கிறீர்கள். மாலையில் அவருக்குப் பசி எடுக்காமல் போனதே சர்க்கரை சீராக இருந்ததால்தான். 178 என்பது 142 ஆனதற்கும் அதுவே சான்று. வரகு மாவுச்சத்தை மெதுவாக விடுகிறது, இன்சுலின் குறைகிறது, பசி அடங்குகிறது. இதைக் கலோரிக்கு அப்பாற்பட்ட பலன் என்று ஏன் சொல்லக் கூடாது?

செக்காலை:
பசி அடங்கியதை நான் மறுக்கவில்லை. இந்த விவரத்தில் உண்மையாகப் பயன் தந்தது அதுதான். ஆனால் அந்தப் பயன் கலோரி வழியாகவே வந்தது, தேங்குழலைச் சாப்பிடாமல் விட்டதால் வந்தது. அதைத் தந்தது வரகா நெய்யா என்றும் இன்னும் தெரியவில்லை.

142-க்கு வருவோம். 90 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 70 கிராம், 100 கிராம் வரகில் 66. நான்கு கிராம் குறைந்ததால் சர்க்கரை 36 புள்ளி இறங்காது. வரகின் நார்ச்சத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் நெய்க்கும் பெரும் பங்கு உண்டு. கொழுப்பு கலந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும், ஆகவே சர்க்கரை தாமதமாக இரத்தத்துக்கு வரும். இரண்டாவது மணியில் குத்திப் பார்ப்பவருக்கு அது குறைவாகத் தெரியும். மூன்றாவது மணியில் என்ன இருந்தது என்று அவர் பார்ப்பதில்லை. வெண்பொங்கலில் நெய்யை இன்னும் ஊற்றினால் சர்க்கரைக் கோடு இன்னும் தட்டையாகும். அதனால் பொங்கல் இளைக்க வைக்கும் உணவு என்று யாரும் சொல்லமாட்டோம்.

கிளைசெமிக் குறியீட்டை டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் வகுத்தபோது கேட்ட கேள்வி மிகக் குறுகியது. செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் வரும் அளவுக்கு ஓர் உணவை வெறும் வயிற்றில் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் பல முறை இரத்தம் எடுத்து, சர்க்கரை ஏறிய பரப்பைக் கணக்கிட்டு, அதே ஆள் குளுக்கோஸ் குடித்தபோது வந்த பரப்போடு ஒப்பிடுவார்கள்; பத்துப் பேர் அளவில் செய்து சராசரி எடுப்பார்கள். அளவை 50 கிராமில் கட்டிவிட்டுத்தான் அளக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள், எவ்வளவு கொழுப்புச் சேர்ந்தது என்ற கேள்விகள் அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அந்தக் குறியீட்டு எண் இருக்கட்டும். இன்சுலின் கொழுப்பைப் பூட்டி வைப்பது உண்மைதானே?

செக்காலை:
உண்மை. சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு இன்சுலின் கொழுப்புச் செல்லின் கதவை மூடுகிறது. ஆனால் இரவு முழுக்கவும் உணவுகளுக்கு இடையிலும் அந்தக் கதவு திறக்கிறது. நாள் முடிவில் உள்ளே போனதுக்கும் வெளியே வந்ததுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடுப்பில் நிற்கும். நெய்யில் உள்ள கொழுப்பு சேமிப்புக்குப் போக இன்சுலின் எகிற வேண்டியதும் இல்லை.

உங்கள் கருத்தை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2021-இல் வெளியிட்டார்கள். இருபது பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகுந்த, சர்க்கரையை நன்றாக ஏற்றும், கொழுப்புக் குறைந்த தாவர உணவும், இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த உணவும் வேண்டிய மட்டும் சாப்பிடக் கொடுத்தார்கள். முதல் உணவில் சர்க்கரையும் இன்சுலினும் அதிகமாகவே ஏறின. ஆயினும் அந்த உணவில் அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 700 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். இன்சுலின் ஏறினால் பசி கூடும் என்ற விதி உண்மையானால் இது தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

தேவகோட்டை ரஸ்தா:
இரண்டு வாரத்தை வைத்து வாழ்நாளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் 2010-இல் வந்த டயோஜெனிஸ் ஆய்வு அரை ஆண்டு நடந்தது. எடையைக் குறைத்தவர்களில் கிளைசெமிக் குறியீடு குறைந்த உணவைச் சாப்பிட்டவர்களுக்கு எடை திரும்புவது குறைந்தது என்றுதானே அதில் கண்டார்கள்?

செக்காலை:
கண்டார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். இரு பிரிவுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் தாங்களே சமைத்து வேண்டிய அளவு சாப்பிட்டார்கள், ஆகவே குறைவாகச் சாப்பிட்டதால் வந்த பலனா, வேறு வழியில் வந்ததா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. உங்களுக்கு இன்னும் உதவக்கூடிய சான்று ஒன்று உண்டு, நானே தருகிறேன். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 81 பேருக்கு ஆறு வாரம் முழு உணவையும் அவர்களே கொடுத்து, ஒரு பாதிக்கு முழுத் தானியமும் மறு பாதிக்குத் தீட்டிய தானியமும் வைத்தார்கள். முழுத் தானியம் சாப்பிட்டவர்கள் மலத்தில் வெளியேற்றியதும் ஓய்வில் எரித்ததும் சேர்ந்து நாளுக்கு 90 கலோரிக்குச் சற்று மேல் கூடுதலாக இழந்தார்கள். கலோரிக்கு அப்பால் என்று நீங்கள் தேடுவதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனால் அதில் நாள் முழுக்க எல்லா வேளையும் தவிடு போகாத தானியம், பெரும்பாலும் கோதுமை. ஒரு வேளை வரகுக்கு அதே பலனை எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை.

கடையில் வாங்கும் வரகையும் கையில் கொட்டிப் பாருங்கள். மங்கிய பழுப்பாகவும் மேலே மெல்லிய தோலுடனும் இருந்தால் தவிடு இருக்கிறது. பச்சரிசியைப் போல வெள்ளை வெளேரென்று மினுங்கினால் தீட்டிவிட்டார்கள். கேழ்வரகை நைஸாக அரைத்துக் காய்ச்சிய கூழும் சர்க்கரையை விரைவாக ஏற்றும். அரைத்தபோதே செரிமானத்தின் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆச்சி, கவுனி தவிடுள்ள முழுத் தானியம் என்பது மிகச் சரி. ஆனால் அது ஒட்டும் அரிசி. அந்த வகை மாவுச்சத்து எளிதில் செரிக்கும். அதோடு சீனியும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துத்தானே கிண்டுகிறோம்? விசேஷத்துக்கு மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள், மருந்தென்று சாப்பிட வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
சீனி போடாமல் கவுனி கிண்டுவதற்கு வேகவைத்த கல்லைத் தின்னலாம். வீட்டில் அவர்கள் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறார்கள், இனி ஒன்றாக்கிப் பார்க்கிறேன்.

கழனிவாசல்காரன்:
நான்கு நாள் சோதித்துப் பார்த்தேன். இரண்டு நாள் 100 கிராம் வரகு நெய்யுடன்: ஒரு மணியில் 148, இரண்டில் 144, மூன்றில் 150-ஐ ஒட்டி நின்றது. இரண்டு நாள் அதே வரகு நெய் இல்லாமல் மோர் ஊற்றி: ஒரு மணியில் 171, இரண்டில் 150, மூன்றில் 116. நெய் இல்லாத இரண்டு நாளும் மாலை நான்கரைக்கே பசித்தது, ஒரு நாள் தேங்குழல் டப்பாவைத் திறந்துவிட்டேன்.

செக்காலை:
அருமையான சோதனை. வீட்டுக் கருவி பதினைந்து சதவீதம் வரை முன்பின் காட்டக்கூடும் என்பதால் 144-க்கும் 150-க்கும் பொருள் தேட வேண்டாம். மூன்றாவது மணியின் 150-ஐயும் 116-ஐயும் பாருங்கள். நெய் சர்க்கரையைக் குறைக்கவில்லை, தள்ளிப் போட்டது. அடுத்த இரண்டு வாரம் வரகை 70 கிராமாக்கி, நெய்யை ஒரு கரண்டியாக்கி, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ சுண்டலோ வையுங்கள். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
பருப்பைச் சேர்த்துவிட்டால் பிறகு எடை இறங்கியது எதனால் என்று எப்படிச் சொல்வீர்கள்? அவர் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

செக்காலை:
அது நியாயமான ஆட்சேபம். ஆனால் அவருக்கு வேண்டியது எடை இறங்குவது, நம் வழக்குக்குத் தீர்ப்பு அல்ல.

கழனிவாசல்காரன்:
எனக்கு இரண்டும் வேண்டும். முதல் வாரம் 70 கிராம் வரகு மட்டும், பருப்பு இரண்டாவது வாரம். திங்கட்கிழமை தொடங்குகிறேன்.